சங்கீத், மில்னி, சித்னி: லூதியானா கல்யாணத்துக்குக் கிளம்பும் முன் ஒரு வகுப்பு



தம்பி மகன் கல்யாணப் பத்திரிகை எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் வந்திருக்கும். பெண் லூதியானாவைச் சேர்ந்த சீக்கியக் குடும்பம். நம் பக்கத்திலிருந்து முப்பது பேர் போகிறோம். பத்திரிகையைப் பார்த்ததிலிருந்து போன் மேல் போன். "அத்தை, சங்கீத்னு போட்டிருக்கே, யார் கச்சேரி?" "மில்னின்னா மெனுவா?" "ஜாகோ நடுராத்திரியில் ஏன்?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட இங்கே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். முப்பத்திரண்டு வருஷம் சரித்திரம் நடத்தியவள், கேள்வி கேட்டால் கொஞ்சம் பின்னாலிருந்துதான் தொடங்குவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு பழைய கதை. 1998-ல் என் பெரிய அக்காவின் கணவர், நம் அத்தான், லூதியானாவில் தன் நண்பரின் மகன் கல்யாணத்துக்குப் போனார். மாப்பிள்ளை வீட்டு ஆளாகப் பந்தியில் உட்கார்ந்திருக்கிறார். பெண் வீட்டுப் பெண்கள் பத்துப் பேர் எதிரே வந்து நின்று, டோலக்கி தட்டிப் பாடத் தொடங்கினார்கள். பாட்டில் "மதராஸி" என்ற சொல் வந்தது. எல்லோரும் இவரைப் பார்த்துச் சிரித்தார்கள். பக்கத்தில் இருந்தவர் ஆசையாக இந்தியில் அர்த்தம் சொன்னார். இவர் பெண்டாட்டி தயிர் விற்பவனோடு ஓடிப்போய்விட்டாளாம், அதனால்தான் இவர் தனியாக இவ்வளவு தூரம் சாப்பிட வந்திருக்கிறாராம். அத்தான் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார். பெண்ணின் பாட்டி பின்னாலேயே ஓடிவந்து கையெடுத்துக் கும்பிட்டு அழுதாராம். அத்தான் திரும்பவில்லை. இன்றைக்கும் "நான் வருகிறேன், ஆனால் பந்தியில் உட்கார மாட்டேன்" என்கிறார்.

அந்தப் பாட்டுக்குப் பெயர் சித்னி. அதில் அத்தானின் பெயரைச் சேர்த்தது அவருக்குச் செய்த மரியாதை. அது அவருக்குத் தெரியவில்லை, அவருக்குத் தெரியாது என்பது அவர்களுக்கும் தெரியவில்லை. இந்தத் தடவை அப்படி நடக்கக் கூடாது என்பதற்காகத்தான் இந்த நீண்ட பதிவு.

பஞ்சாபிக் கல்யாணப் பாட்டுகளைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு விஷயம் தெரிந்தால் போதும். அங்கே கல்யாணம் என்பது முன்பின் தெரியாத இரண்டு வீடுகளுக்கு நடுவில் நடப்பது. நம் பழக்கம் வேறு. என் அக்காவைக் கட்டியவர் எங்கள் அத்தை மகன். சம்பந்தி வீடு என்று புதிதாக ஒன்று இல்லை, பிறந்ததிலிருந்து போய்வந்த அத்தை வீடுதான். பஞ்சாபில் இதைச் சொன்னால் திகைத்துப்போவார்கள். அவர்கள் முறையில் அத்தை மகன் அண்ணன். இந்து, சீக்கியக் குடும்பங்களில் தன் கோத்திரம், அம்மா பிறந்த கோத்திரம் இரண்டையும் விலக்கியே பெண் பார்த்தார்கள். பல இடங்களில் இரண்டு பாட்டிகளின் கோத்திரத்தையும் சேர்த்து விலக்குவார்கள். ஒரே ஊருக்குள்ளும் கொடுக்க மாட்டார்கள். வடக்கு, தெற்கு உறவுமுறைகளில் உள்ள இந்த வேறுபாட்டை 1953-ல் இராவதி கார்வே தன் புத்தகத்தில் விரிவாக எழுதியிருக்கிறார். பிறந்த வீட்டில் அவள் மகள், புகுந்த வீட்டில் அவள் மருமகள். நம்மிடம் மருமகள் பல சமயம் தம்பி மகளோ அண்ணன் மகளோதான், அங்கே அது நடக்கவே நடக்காது என்பதுதான் அந்த வேறுபாட்டின் சாரம்.

ஆகவே அங்கே கல்யாணம் என்றால் பெண் தெரியாத ஊருக்கு, தெரியாத முகங்களுக்கு நடுவில் போகிறாள். பாட்டுகளும் சடங்குகளும் அதைச் சுற்றித்தான். எந்தப் பாட்டை எந்த வீடு பாடும் என்பதிலும் குழப்பமே கிடையாது.

பெண் வீட்டில் பாடுவது சுஹாக். சுமங்கலித்தனத்தைக் குறிக்கும் சொல் அது. பெரும்பாலும் மகள் அப்பாவிடம் பேசுவது போல இருக்கும். எனக்கு எப்படிப்பட்ட மாப்பிள்ளை வேண்டும், எப்படிப்பட்ட மாமியார் வாய்க்க வேண்டும் என்று நேரில் கேட்க முடியாததைப் பாட்டில் கேட்பாள். மகள்கள் முற்றத்துக் குருவிக் கூட்டம், ஒருநாள் பறந்துவிடுவோம் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த உவமை. பாடும் கிழவிகள் பாதியில் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அவர்களும் ஒருகாலத்தில் அப்படி வந்தவர்கள்தானே.

மாப்பிள்ளை வீட்டில் பாடுவது கோரி. கோரி என்றால் பெண் குதிரை. மாப்பிள்ளை குதிரையேறிப் புறப்படுவதைப் பற்றிய பாட்டு. குதிரையின் அலங்காரம், தலைப்பாகையின் அழகு, அம்மாவின் பூரிப்பு, அக்காமார் உரிமை எல்லாம் அதில் வரும். அழுகையே கிடையாது. நாம் மாப்பிள்ளை வீடு என்பதால் இது நம் பாட்டு. புறப்படும் அன்று அண்ணி முறையுள்ளவர் மாப்பிள்ளைக்குக் கண்ணில் சுர்மா, அதாவது மை, தீட்டுவார். அக்கா தங்கை முறையுள்ளவர்கள் குதிரையின் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு, ஊறவைத்த கடலைப் பருப்பை ஊட்டி, கையில் பணம் விழுந்தால்தான் விடுவார்கள். நம் வீட்டுப் பெண்பிள்ளைகள் அங்கே கூச்சப்பட்டு நிற்க வேண்டாம், தயங்காமல் கேளுங்கள். வாங்குவது உங்கள் உரிமை, கொடுப்பது அவன் கடமை.

இப்போது சங்கீத். நம் சங்கீதம் என்ற அதே வடமொழிச் சொல்தான், ஆனால் கச்சேரி இல்லை. பழைய ஆட்கள் கல்யாணப் பாட்டைக் கௌண் என்றே சொல்வார்கள். கல்யாணத்துக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பிருந்தே ராத்திரி சாப்பாட்டு வேலை முடிந்ததும் அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடித் தரையில் விரிப்பில் உட்காருவார்கள். ஒருத்தி டோலக்கியை மடியில் வைத்துக்கொள்வாள், எதிரே உட்கார்ந்தவள் அதன் மரக்கட்டையில் கரண்டியால் தாளம் தட்டுவாள். பெண் வீடானால் முதலில் சுஹாக், மாப்பிள்ளை வீடானால் முதலில் கோரி. மங்கலப் பாட்டுகள் ஆன பிறகுதான் கேலி, ஈரடித் துணுக்குகளான டப்பே, எழுந்து ஆடும் கித்தா எல்லாம். ஆண்களுக்கு அங்கே இடமில்லை. இந்தப் பல ராத்திரிகள் சுருங்கி, நகரத்தில் "லேடீஸ் சங்கீத்" என்று ஒரே மாலையானது. பிறகு "லேடீஸ்" உதிர்ந்தது, ஆண்கள் வந்தார்கள், மேடை வந்தது, நடனம் சொல்லிக்கொடுக்க ஆள் வந்தார். 1994-ல் 'ஹம் ஆப்கே ஹைன் கௌன்', அடுத்த வருஷம் 'தில்வாலே துல்ஹனியா லே ஜாயேங்கே' இரண்டும் ஓடிய பிறகு அந்த மேடைச் சங்கீத் பஞ்சாபைத் தாண்டி இந்தியா முழுக்கப் போனது. நம் ஊர் மண்டபங்களிலும் இப்போது நடக்கிறதே, அது இந்த வழியாக வந்ததுதான்.

மேடைச் சங்கீத்தில் ஒரு நஷ்டம் உண்டு. இரண்டு வீடும் ஒரே மண்டபத்தில் உட்கார்ந்து ஒரே சினிமாப் பாட்டுக்கு ஆடினால், சுஹாக் யாருடையது, கோரி யாருடையது என்பதே அழிந்துபோகிறது. பழைய பாட்டுகள் கொஞ்சமாவது பிழைத்தது இசைத்தட்டால். பிரகாஷ் கௌர், சுரிந்தர் கௌர் என்ற அக்கா தங்கையர் 1943-ல் லாகூரில் சேர்ந்து இசைத்தட்டுக்குப் பாடத் தொடங்கினார்கள். பிரிவினைக்குப் பிறகு குடும்பம் இந்தியா வந்தது. அவர்கள் பாடிய கல்யாணப் பாட்டுகள் எல்லையின் இரண்டு பக்கமும் வீடுகளில் ஒலித்தன. பெண்ணின் பாட்டி அவற்றைக் கேட்டு வளர்ந்த தலைமுறை. சங்கீத் அன்று டி.ஜே. சத்தம் ஓய்ந்ததும் ஒரு மூலையில் வயதான பெண்கள் டோலக்கியை எடுத்தால், அங்கே போய் உட்காருங்கள். உண்மையான சங்கீத் அதுதான்.

அடுத்தது மில்னி. 'மில்னா' என்றால் சந்திப்பது, சேர்வது. பராத், அதாவது மாப்பிள்ளை ஊர்வலம், வாசலுக்கு வந்ததும் உள்ளே நுழைந்துவிடக் கூடாது, அங்கேயே நிற்க வேண்டும். எதிரே பெண் வீட்டார் நிற்பார்கள். சீக்கியப் பிரார்த்தனையான அர்தாஸ் சொல்லப்படும். அதுவரை தலையை மூடிக்கொண்டு சும்மா நில்லுங்கள். பிறகு ஒருவர் உறவுமுறை சொல்லிக் கூப்பிடுவார். தாத்தாவுக்கு எதிரே தாத்தா, அப்பாவுக்கு எதிரே அப்பா, தாய்மாமனுக்கு எதிரே தாய்மாமன். ஒருவருக்கொருவர் மாலை போட்டுக் கட்டிக்கொள்வார்கள். பெண் வீட்டுக்காரர் நம் ஆளுக்குக் கம்பளியோ சால்வையோ பண உறையோ கொடுப்பார். திடீரென்று அவர் உங்களை இடுப்போடு பிடித்துத் தூக்கினால் பயப்பட வேண்டாம், அது விளையாட்டு. முடிந்தால் நீங்களும் தூக்கலாம். முதுகுவலிக்காரர்கள் முன்கூட்டியே சிரித்துக் கும்பிட்டுவிடுங்கள். அன்றிலிருந்து அந்த இருவரும் ஜோடி. நாளைக்கு ஒரு மனத்தாங்கல் வந்தால் இந்த மாமா அந்த மாமாவிடம்தான் பேச வேண்டும். முகம் தெரியாத இரண்டு கூட்டங்களை ஆளுக்கு ஆள் முடிச்சுப் போடுகிற வேலை இது.

இதில்தான் போன வாரம் ஒரு கூத்து நடந்தது. பெண் வீட்டார் மில்னிக்கு முறைப்படி பட்டியல் கேட்டார்கள். தம்பி மகன் "மாமா – 4, சித்தப்பா – 2" என்று அனுப்பிவிட்டான். பெண்ணுக்கு இருப்பதோ ஒரே தாய்மாமன். நாலு மாமாவுக்கு எதிரே நிற்க ஆளுக்கு எங்கே போவது என்று அவர்கள் கவலையில் ஆழ்ந்துவிட்டார்கள்.

தவறு அவன் மேல் இல்லை, நம் தமிழ் மேல். அம்மாவின் சகோதரரும் மாமா, அத்தையின் கணவரும் மாமா என்கிறோம். சொந்தத்திலேயே கட்டிய காலத்தில் பல வீடுகளில் அந்த இருவரும் ஒரே ஆள்தான், அதனால் ஒரே சொல் போதுமாக இருந்தது. பஞ்சாபியில் 'மாமா' என்றால் அம்மாவின் சகோதரர் மட்டும். அத்தையின் கணவர் 'புப்பட்'. சித்தப்பாவும் அப்படித்தான். அப்பாவின் தம்பி 'சாச்சா', அப்பாவின் அண்ணன் 'தாயா', சித்தியின் கணவரும் பெரியம்மாவின் கணவரும் 'மாசட்'. ஆகவே உட்கார்ந்து பிரித்தேன். நாலு மாமாவில் இருவர் தம்பி மனைவியின் அண்ணன்மார், அவர்கள்தான் மாமா. மற்ற இருவர் பெரிய அக்காவின் கணவரும் என் கணவரும், அவர்கள் புப்பட். இரண்டு சித்தப்பாவில் கடைசித் தம்பி சாச்சா, மதினியின் தங்கை கணவர் மாசட். திருத்திய பட்டியலை அனுப்பிய பிறகுதான் அவர்களுக்கு மூச்சு வந்தது. ஒருவருக்கு எதிரே ஆள் குறைந்தால் அண்ணன் தம்பி முறையில் யாரையாவது நிறுத்திக்கொள்வார்கள். ஆனால் கூப்பிடும்போது "மாமா" என்று காதில் விழுந்ததும் நாலு பேரும் முன்னே போய்விடாதீர்கள்!

சம்பந்திக்கு அவர்கள் சொல் 'குடம்', சம்பந்தி அம்மாளுக்குக் 'குடம்ணி'. நிச்சயதார்த்தத்துக்குக் 'குட்மாயி' என்ற பெயர் அதிலிருந்து வந்ததுதான். யாராவது தம்பியைக் குடம் என்றால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

மில்னியில் கவனித்தால் ஒன்று தெரியும். கொடுப்பது முழுக்க முழுக்கப் பெண் வீடு. பெண் கொடுத்தவர் தாழ்ந்து நிற்க வேண்டும் என்ற பழைய வழக்கம் அது. மகளைக் கட்டிக்கொடுத்த ஊரில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன் என்று இருந்த அப்பாக்கள் அங்கே உண்டு. வாசலில் பெண் வீட்டு ஆண்கள் குனிந்து, கொடுத்து, வரவேற்கிறார்கள். அதே வீட்டுப் பெண்கள் சற்று நேரத்தில் பந்தியில் வந்து அதற்குக் கணக்குத் தீர்க்கிறார்கள். அந்தக் கணக்குத்தான் சித்னி. மாப்பிள்ளையின் அப்பா கஞ்சன், பராத்தில் வந்தவர்கள் பஞ்சத்தில் அடிபட்டவர்கள், மாப்பிள்ளையின் அத்தை யாருடனோ ஓடிப்போனவள் என்று பாடுவார்கள். பாடலின் சட்டம் ஒன்றே, பெயரும் உறவும் மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். பெண் வீட்டு ஆண்கள் காது கேளாதது போல வேறு பக்கம் பார்ப்பார்கள். வருஷம் முழுவதும் அந்த வீட்டுக்கு முன்னால் பணிந்து போக வேண்டியவர்களுக்கு அந்த ஒரு வேளைச் சாப்பாட்டு நேரம் வாய்விட்டுப் பேச உரிமை. நம் ஊர் நலங்கில் சம்பந்தியை ஏசிப் பாடுவது எதற்கோ அதற்குத்தான் இதுவும், காரம் மட்டும் கொஞ்சம் கூடுதல்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. பரிமாறியதும் பெண்கள் ஒரு பாட்டுப் பாடிப் பந்தியைக் "கட்டிவிடுவார்கள்". பராத்துக்குப் பஞ்சாபிச் சொல் ஜஞ்ஞ். ஜஞ்ஞைக் கட்டுவது என்றே அதற்குப் பெயர். கட்டிய பிறகு ஒருவரும் சாப்பாட்டில் கை வைக்கக் கூடாது. பராத்தில் வந்த யாராவது எழுந்து பதில் செய்யுள் சொல்லிக் கட்டை அவிழ்த்தால்தான் சாப்பாடு. இதற்காகவே பாட்டுக் கட்டத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போவார்களாம். அத்தான் அன்று எழுந்து போனதற்குப் பதிலாக எழுந்து நின்று தமிழில் நாலு வரி எதையாவது சொல்லியிருந்தால், லூதியானாவில் இன்றுவரை அவரைப் பற்றிப் பேசியிருப்பார்கள்.

இந்தப் பாட்டுகளைப் படித்தவர்கள் நெடுநாள் எதிர்த்தார்கள். 1873-ல் அமிர்தசரஸில் சிங் சபா தொடங்கியது, 1877-ல் லாகூரில் ஆரிய சமாஜம் வந்தது. கொள்கையில் மோதிக்கொண்ட இரண்டு தரப்பும் ஒன்றில் ஒத்துப்போயின, குடும்பப் பெண்கள் சித்னி பாடுவது அசிங்கம், நிறுத்த வேண்டும் என்பதில். ஆனந்த் காரஜ் என்ற சீக்கியத் திருமண முறைக்கு 1909-ல் தனிச் சட்டம் வந்தது. 1945-ல் ஏற்கப்பட்ட சீக்கிய நடத்தை நெறியில் கல்யாணப் பகுதியைப் பார்த்தால், இரு வீட்டாரும் குரு பாடல்களைப் பாடிச் சந்திக்க வேண்டும் என்று இருக்கிறது. மாப்பிள்ளை முகத்தில் கட்டும் செஹ்ரா, மச்சினிகளிடம் அவன் சொல்லும் ஈரடிகள், குடி, தாசியாட்டம் எல்லாம் கூடாது என்றும் இருக்கிறது. அதனால் குருத்வாராவுக்குள் நடப்பது வேறு உலகம். நான்காம் குரு ராம்தாஸ் இயற்றிய லாவான் நான்கும் பாடப்பட, பெண்ணும் மாப்பிள்ளையும் குரு கிரந்த சாகிபை நான்கு முறை வலம் வருவார்கள். அங்கே கேலி, கிண்டல், கைதட்டல் எதுவும் கூடாது. தலையை மூடி, செருப்பைக் கழற்றி, தரையில் உட்கார்ந்து கேட்க வேண்டும். வாசலுக்கு வெளியே செஹ்ராவும் பார்ப்பீர்கள், ஈரடிகளும் கேட்பீர்கள். எழுதிய விதி உள்ளே, பெண்களின் வழக்கம் வெளியே. இரண்டும் ஒரே நாளில் ஒரே குடும்பத்தில் நடக்கும்.

இன்று பந்திச் சித்னி அரிது. சாப்பாடு பஃபே, உட்கார்ந்த வரிசையே இல்லை, பாட்டுக்கு எதிரி டி.ஜே. ஆனால் கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி ஜாகோவில் அது உயிரோடு இருக்கிறது. ஜாகோ என்றால் "விழித்திரு". தாய்மாமன் மனைவி விளக்குகள் பதித்த பித்தளைக் குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு ஆடியபடி தெருவை எழுப்பிக்கொண்டு போவார். அப்போது அம்மா வழிச் சொந்தமும் அப்பா வழிச் சொந்தமும் ஒருவரையொருவர் பாட்டில் வறுத்தெடுப்பார்கள். நம்மைப் பார்த்தும் ஒன்றிரண்டு வரும். பாட்டில் நம் பெயரோ "மதராஸி"யோ வந்து, பாடுபவர்கள் ஒவ்வொரு அடி முடிவிலும் நிறுத்தி நம் முகத்தைப் பார்த்தால், அது சித்னி. சிரியுங்கள். முடிந்தால் திருப்பிப் பாடுங்கள். யார் பெயரையும் பாட்டில் சேர்க்கவில்லை என்றால்தான் யோசிக்க வேண்டும். அன்னியராகவே விட்டுவிட்டார்கள் என்று அர்த்தம்.

இதையெல்லாம் நேற்று அத்தானுக்குப் போனில் படித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "அந்தப் பாட்டியம்மா இருக்கமாட்டாங்க இல்ல இப்போ?" என்றார். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது, எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அவரே தொடர்ந்தார். "சரி, புப்பட்னு கூப்பிட்டாத்தான் நான் போகணும், மாமான்னு கூப்பிட்டா போகக் கூடாது, அவ்வளவுதானே? எதிரே நிக்கிறவன் ரொம்பக் கனமா இல்லாமப் பாத்துக்கோ, நான் தூக்கணும்."

பந்தியிலும் உட்காருவாராம். நாலு வரி தயார் பண்ணிக்கொண்டிருக்கிறார், என்னிடம்கூடச் சொல்ல மாட்டேன் என்கிறார்.

கிளம்புகிறவர்கள் எல்லோரும் ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். ஜாகோ நடுராத்திரியில், தெருவில்.

அன்புடன்,
உங்கள் சரித்திர டீச்சர்